மனசில் ஒன்று: டூரிங் இயந்திரம் பற்றி வகுப்பில் வந்த கேள்விகள்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், விருப்பமுள்ள பிள்ளைகளோடு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணிதம், கம்ப்யூட்டர் என்று ஏதாவது பேசுவது என் வழக்கம். போன தவணையில் டூரிங் இயந்திரத்தைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தோம். பிள்ளைகள் கேட்டது, பிறகு பெற்றோர் போனில் கேட்டது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சார், டூரிங் இயந்திரம் எந்த ஊரில் இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

எந்த ஊரிலும் இல்லை. ஆலன் டூரிங் 1936இல் எழுதிய ஒரு கணிதக் கட்டுரையில் மட்டும்தான் அது பிறந்தது. இரும்பு, கம்பி எதுவும் கிடையாது. பிற்பாடு சிலர் ஆசைக்காகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அது வேறு கதை.

அந்தக் காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. காகிதம், பென்சில் வைத்துக்கொண்டு விதிப்படி கணக்குப் போடும் ஒருவரை டூரிங் கவனித்தார். அவர் செய்வதில் எதையெல்லாம் தூக்கி எறிந்தாலும் கணக்கு நடக்கும் என்று யோசித்தார். சின்னப் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் கட்டம் போட்டிருக்குமே, அந்த உதாரணம் அவருடைய கட்டுரையிலேயே வருகிறது. அந்தக் காகிதம் அகலமாக இருக்கத் தேவையில்லை, ஒரே வரிசைக் கட்டம் போதும் என்றார். ஒரே பார்வையில் பல கட்டங்களைப் பார்க்கத் தேவையில்லை, ஒன்று போதும். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவதுதான் டூரிங் இயந்திரம்.

டேப், தலை, விதி அட்டவணை என்று மூன்று சொன்னீர்கள். அப்புறம் திடீரென்று ‘நிலை’ என்று ஒன்று வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது?

சரி, முதலில் அந்த மூன்றைப் பார்த்துவிடலாம். டேப் என்பது கட்டம் கட்டமாகப் பிரித்த நீளக் காகிதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி இருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். நாங்கள் லாபுத்திக் கடையில் பில் அடிக்கும் காகிதச் சுருளை வாங்கி ஸ்கேலால் கோடு போட்டோம். தலை என்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டத்தைப் பார்க்கிற, அதில் எழுதுகிற முனை. எங்கள் வகுப்பில் தலை ஒரு ரூபாய் நாணயம். அதில் சர் சீவூசாகர் ராம்கூலாமின் தலை இருப்பதால் பெயரும் பொருத்தமாகப் போய்விட்டது. நாணயத்தைக் கட்டத்தின் மேல் வைக்காதீர்கள், எண்ணை மறைத்துவிடும். கட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

இப்போது நிலைக்கு வருவோம். 27ஐயும் 5ஐயும் கூட்டும்போது பாட்டி என்ன சொல்வார்? “ஏழும் அஞ்சும் பன்னிரண்டு, ரெண்டு எழுது, மனசில் ஒன்று.” அந்த ஒன்று காகிதத்தில் இல்லை. மனசில் இருக்கிறது. இயந்திரத்துக்கும் அப்படி ஒரு சின்ன மனசு உண்டு. அதில் என்னென்ன இருக்கலாம் என்பதற்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டுவிடுகிறோம்: இரண்டு விஷயமோ, ஆறு விஷயமோ, எத்தனையானாலும் எண்ணி முடிக்கிற அளவு. ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்று மட்டும்தான் மனசில் இருக்கும். அதுதான் நிலை.

விதி அட்டவணையின் ஒவ்வொரு வரியும் இப்படிப் பேசும்: ‘நீ இந்த நிலையில் இருந்து, இந்தக் குறியைப் பார்த்தால், இதை எழுது, இந்தப் பக்கம் ஒரு கட்டம் நகர், இந்த நிலைக்கு மாறு.’ இதற்கு மேல் இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. தான் கூட்டுகிறோமா கழிக்கிறோமா என்பதுகூடத் தெரியாது.

ஒரு கணக்கை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை செய்து காட்டுங்கள் சார்.

இரும எண் ஒன்றோடு 1 கூட்டுகிற இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். டேப்பில் 0, 1 மட்டும் வரும். வெற்றுக் கட்டத்தை `_` என்று எழுதுகிறேன். நிலைகள் இரண்டு: ‘போ’, ‘கூட்டு’. மூன்றாவது ‘நில்’, அங்கே வந்தால் வேலை முடிந்தது. அட்டவணை இவ்வளவுதான்:

```
நிலை    பார்ப்பது   எழுதுவது   நகர்வு   அடுத்த நிலை
போ      0          0          வலம்    போ
போ      1          1          வலம்    போ
போ      _          _          இடம்    கூட்டு
கூட்டு   1          0          இடம்    கூட்டு
கூட்டு   0          1          இடம்    நில்
கூட்டு   _          1          இடம்    நில்
```

டேப்பில் 1011 என்று எழுதுங்கள். நமக்குத் தெரிந்த கணக்கில் அது 11. நாணயத்தை இடது ஓரத்து 1க்குக் கீழே வையுங்கள். நிலை ‘போ’.

முதல் நான்கு படிகளில் சுவாரசியமே இல்லை. தலை 1, 0, 1, 1 என்று பார்த்துக்கொண்டு, பார்த்ததையே திரும்ப எழுதிக்கொண்டு, வலப்பக்கம் நடக்கிறது. எண்ணின் கடைசி இலக்கம் எங்கே என்று அதற்குத் தெரியாது. எண்ணைத் தாண்டி விழுந்தால்தான் தெரியும். ஐந்தாவது படியில் வெற்றுக் கட்டத்தைப் பார்க்கிறது. ‘ஓ, தாண்டிவிட்டேன்’ என்று ஒரு கட்டம் இடப்பக்கம் திரும்புகிறது, நிலை ‘கூட்டு’ என்று மாறுகிறது.

இப்போது ‘மனசில் ஒன்று’ இருக்கிறது. ‘கூட்டு’ என்ற நிலைக்கு அர்த்தமே அதுதான். ஆறாவது படி: கடைசி 1ஐப் பார்க்கிறது. ஒன்றும் ஒன்றும் இருமத்தில் 10, அதனால் 0 எழுதுகிறது, ஒன்றை மனசில் வைத்துக்கொண்டே இடப்பக்கம் போகிறது. ஏழாவது படி: மறுபடி 1, மறுபடி 0 எழுதி இடப்பக்கம். எட்டாவது படி: 0ஐப் பார்க்கிறது. மனசில் இருந்த ஒன்றை இங்கே இறக்கி வைத்துவிட்டு ‘நில்’. டேப்பில் 1100, அதாவது 12. மொத்தம் 8 படிகள்.

ஐந்தாவது படிக்கு முன்னால் 1ஐப் பார்த்தபோது இயந்திரம் அதைத் தொடவில்லை. ஆறாவது படியில் அதே 1ஐப் பார்த்து 0 ஆக்கியது. கட்டத்தில் இருந்த குறி ஒன்றே. மனசு மட்டும்தான் மாறியது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

நான் எழுதிய அட்டவணை 1011க்குச் சரியாக வருகிறது, 100க்கும் வருகிறது. 111 கொடுத்தால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஏன்?

கடைசி வரியை விட்டிருப்பீர்கள். எங்கள் வகுப்பில் மூன்று பேர் விட்டார்கள், நானும் முதல் தடவை கரும்பலகையில் விட்டேன்.

111 என்றால் எல்லாம் 1. தலை வலப்பக்கம் போய்த் திரும்பி, மூன்று 1களையும் 0 ஆக்கிவிட்டு, எண்ணின் இடது ஓரத்தையும் தாண்டி வெற்றுக் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. மனசில் ஒன்று இன்னும் இறக்கப்படவில்லை. அங்கே ‘கூட்டு’ நிலையில் `_` பார்த்தால் என்ன செய்வது என்று விதி இருந்தால்தான் 1 எழுதி 1000 ஆக்கும். விதி இல்லையென்றால் டேப்பில் 000 மட்டும் மிஞ்சும்.

இது மறைந்திருக்கிற வகைப் பிழை. ஒரு 0 இருக்கும் எந்த எண்ணைக் கொடுத்தாலும் தலை அந்த 0லேயே நின்றுவிடும், வெளியே போகாது, பிழை தெரியாது. அதனால் அட்டவணை எழுதியதும் மூன்று டேப்பை ஓட்டிப் பாருங்கள்: எல்லாம் 1 உள்ள ஒன்று, வெறும் 0 ஒன்று, ஒன்றுமே எழுதாத காலி டேப் ஒன்று. காலி டேப்பில் நம் இயந்திரம் 1 எழுதி நிற்கும். அதைச் சரி என்று ஏற்றுக்கொள்வதா, தப்பு என்பதா என்பது உங்கள் பாடு. நான் சரி என்றே விட்டுவிட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு. நிலை இரண்டு, குறி மூன்று, ஆக ஆறு வரி இருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்துவிட்டு வரிகளை எண்ணுங்கள், குறைந்தால் தெரிந்துவிடும்.

வலம் என்றால் காகிதத்தை வலப்பக்கம் இழுப்பதா?

இல்லை, தலை வலப்பக்கம் போக வேண்டும். தலையை மேசையில் ஒட்டிவைத்துக் காகிதத்தை இழுத்தால், தலை வலம் போக காகிதம் இடப்பக்கம் நகர வேண்டும். இரண்டு குழுக்கள் இதில் குழம்பி, 1011ஐ எடுத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடியே போய்விட்டன. காகிதத்தை மேசையில் பரப்பி நாணயத்தை நகர்த்துவது நல்லது.

டேப்புக்கு முடிவே இல்லை என்கிறீர்கள். அப்படி ஒரு காகிதம் உலகத்தில் ஏது?

தேவையும் இல்லை. எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும் இயந்திரம் தொட்டிருப்பது எண்ணக்கூடிய அளவு கட்டங்களைத்தான். பத்துப் படி ஓடியிருந்தால் பதினொரு கட்டத்துக்கு மேல் அது பார்த்திருக்கவே முடியாது. ஆகவே ‘முடிவில்லாத டேப்’ என்பதை ‘ஓரத்துக்கு வந்தால் இன்னொரு துண்டு ஒட்டிக்கொள்ளலாம், மறுக்கமாட்டோம்’ என்று படித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் செல்லோடேப் இருந்தது.

அதே சலுகை மனசுக்குக் கிடையாது. அட்டவணையை எழுதி முடித்த பிறகு புதிய நிலை சேர்க்க முடியாது. காகிதம் வளரலாம், மனசு வளரக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

நம்ம ரூபாய் நோட்டில் தமிழ் எண் இருக்கிறதே, அதை வைத்து இந்த இயந்திரத்தைச் செய்ய முடியுமா?

இதைக் கேட்டவள் பதினொரு வயதுப் பெண். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

முதலில் எளிதான பதில். கட்டத்தில் என்ன குறி எழுதுகிறோம் என்பதில் இயந்திரத்துக்கு அக்கறை இல்லை. 0 முதல் 9 வரை பத்துக் குறி வைத்துக்கொண்டால், ‘போ’ நிலைக்குப் பதினொரு வரி, ‘கூட்டு’ நிலைக்குப் பதினொரு வரி, ஆக 22 வரி. 199 கொடுத்தால் 7 படியில் 200 ஆகிவிடும். அதே 199 இருமத்தில் 11000111. நம் ஆறு வரி இயந்திரம் 13 படி எடுத்து அதை 11001000 ஆக்கும். அட்டவணை பெரிதானால் படி குறைகிறது, அவ்வளவுதான். பத்துக் குறிகளை ௧, ௨, ௩ என்று தமிழில் எழுதினாலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் பழைய தமிழ் முறை வேறு. அதில் சுழியம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறி. 19 என்றால் ௰௯. 20 என்றால் ௨௰, அதாவது ‘இரண்டு பத்து’. நாம் வாயால் சொல்வதை அப்படியே எழுதுவதுதான். இப்போது ௰௯ஓடு 1 கூட்டச் சொன்னால் என்ன ஆகும்?

தலை வழக்கம்போல வலப்பக்கம் போய்த் திரும்பி ௯இல் நிற்கிறது, நிலை ‘கூட்டு’. ௯க்கு அடுத்த இலக்கம் இல்லை. 0 என்று எழுதவும் குறி இல்லை. ஆகவே ௯ஐ அழித்துவிட்டு இடப்பக்கம் போகிறது. ‘மனசில் ஒரு பத்து’ என்பதுதான் இப்போது நிலை. அதைப் ‘பத்து’ என்று வைத்துக்கொள்வோம். அங்கே ௰ இருக்கிறது. இதை மாற்றக்கூடாது, ஏனென்றால் எத்தனை பத்து என்பது அதற்கும் இடப்பக்கம்தான் எழுதியிருக்கும். தாண்டிப் போகிறது, நிலை ‘எத்தனை’. அங்கே வெற்றுக் கட்டம். ஒன்றுமே எழுதாவிட்டால் ஒரு பத்து என்று பொருள். ஆகவே ௨ எழுதி நிற்கிறது. டேப்பில் ௨௰. மொத்தம் 6 படி.

‘எத்தனை’ நிலையில் ௨ இருந்திருந்தால் ௩ ஆகும். ௯ இருந்தால், அதாவது 99ஐக் கொடுத்திருந்தால், அதை அழித்து, வலப்பக்கம் திரும்பி, ௰ஐ ௱ ஆக்க வேண்டும். அதற்கு ஒரு நிலை. வெறும் ௰ஐக் கொடுத்தால் ‘கூட்டு’ நிலையில் தலை ௰ஐப் பார்க்கும். இப்போது வலப்பக்கம் போய் ௧ எழுத வேண்டும். அதற்கும் ஒரு நிலை. வெறும் ௯ஐக் கொடுத்தால் ‘பத்து’ நிலையில் வெற்றுக் கட்டம் வரும், அங்கே ௰ எழுதிவிட்டால் முடிந்தது. 99 வரைக்கும் ஆறு நிலைகள் போதும், நாங்கள் போட்டுப் பார்த்தோம். ஆனால் நூறைத் தாண்டினால் இன்னும் நிலை, ஆயிரத்தைத் தாண்டினால் இன்னும் நிலை. சுழியம் உள்ள முறையில் எவ்வளவு பெரிய எண்ணுக்கும் அதே இரண்டு நிலை. சுழியம் என்ன செய்கிறது என்று கேட்டால் இனிமேல் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

வீட்டில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வழி உண்டா?

பைதான் இருந்தால் போதும்.

```python
rules = {
  ("go","0"):("0",1,"go"),    ("go","1"):("1",1,"go"),
  ("go","_"):("_",-1,"add"),  ("add","1"):("0",-1,"add"),
  ("add","0"):("1",-1,"halt"),("add","_"):("1",-1,"halt"),
}
tape = dict(enumerate("1011"))
pos, state, n = 0, "go", 0
while state != "halt" and n < 1000:
    w, d, s = rules[state, tape.get(pos, "_")]
    tape[pos] = w
    pos, state, n = pos + d, s, n + 1
print(n, "".join(tape[i] for i in sorted(tape)).strip("_"))
```

ஓட்டினால் `8 1100` என்று வரும். `1` என்றால் வலம், `-1` என்றால் இடம். கடைசி விதியை அழித்துவிட்டு `"111"` கொடுத்தால் `KeyError: ('add', '_')` என்று திட்டும். விடுபட்ட வரி எது என்று அதிலேயே இருக்கிறது.

அதில் `n < 1000` எதற்கு? நிற்குமா நிற்காதா என்று முதலிலேயே கண்டுபிடித்துவிடலாமே?

சில சமயம் முடியும். கடைசி விதியில் 1 எழுதுவதற்குப் பதில் `_` எழுதி, ‘கூட்டு’ நிலையிலேயே இடப்பக்கம் போகச் சொன்னால், 111 கொடுத்த பிறகு என்ன ஆகும் என்று பாருங்கள். தலை எண்ணைத் தாண்டுகிறது, வெறுமையைப் பார்க்கிறது, இடம் போகிறது, மறுபடி வெறுமை, மறுபடி இடம். இடப்பக்கம் முழுவதும் வெறுமைதான் என்று நமக்குத் தெரியும், ஆகவே இது நிற்காது என்று அடித்துச் சொல்லலாம்.

ஆனால் எல்லா அட்டவணைக்கும் பொதுவாக, எந்த டேப்பைக் கொடுத்தாலும், தப்பாமல் சொல்கிற ஒரே முறை இருக்க முடியாது. காரணத்தை ஒரு கதையாகச் சொல்கிறேன். அப்படி ஒரு இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் சோதிடன். ஒரு அட்டவணையையும் ஒரு டேப்பையும் எழுதிக் கொடுத்தால், ‘நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று பதில் எழுதிவிட்டுத் தான் நின்றுவிடுவான். எப்போதும் சரியாகச் சொல்வான்.

சோதிடனை உள்ளே வைத்து இன்னொரு இயந்திரம் கட்டுகிறோம். பெயர் வம்பன். வம்பனிடம் ஏதாவது ஒரு அட்டவணையைக் கொடுத்தால், அதைப் பிரதி எடுத்து, ‘இந்த அட்டவணைக்கு இதே அட்டவணையை டேப்பில் எழுதிக் கொடுத்தால் நிற்குமா?’ என்று சோதிடனைக் கேட்பான். ‘நிற்கும்’ என்று பதில் வந்தால் வேண்டுமென்றே இடப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பான். ‘நிற்காது’ என்று வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். இதெல்லாம் சில விதிகளில் எழுதக்கூடிய வேலை, மந்திரம் ஒன்றும் இல்லை.

சரி, வம்பனிடம் வம்பனுடைய அட்டவணையையே கொடுங்கள். சோதிடன் ‘நிற்கும்’ என்றால் வம்பன் ஓடுகிறான், சோதிடன் பொய். ‘நிற்காது’ என்றால் வம்பன் நிற்கிறான், அப்போதும் சோதிடன் பொய். வம்பனைக் கட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆகவே சோதிடன்தான் இருக்க முடியாது.

ஒரு சின்னத் திருத்தம்: 1936 கட்டுரையில் கேள்வி இந்த வடிவத்தில் இல்லை. முடிவில்லாமல் இலக்கம் எழுதிக்கொண்டே போகிற இயந்திரம்தான் டூரிங்குக்கு நல்ல இயந்திரம். இலக்கம் எழுதுவதை விட்டுவிட்டு மாட்டிக்கொள்வதுதான் கெட்டது. ‘நிற்குமா’ என்ற கேள்வி பிற்பாடு வந்த வடிவம், விளக்க எளிது என்பதால் அதையே எல்லோரும் சொல்கிறோம்.

`n < 1000`க்கு வருவோம். 1000 படிக்குள் நின்றால் நின்றது என்று தெரியும். நிற்காவிட்டால் ஒன்றும் தெரியாது. 1001ஆவது படியில் நிற்கலாம்.

விதி கொஞ்சம்தான் இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும், இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படித்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1962இல் டிபோர் ராடோ என்ற கணிதவியலாளர் இதை ஒரு விளையாட்டாக்கினார். குறி 0, 1 மட்டும். டேப் முழுக்க 0. நிலைகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, நிற்கிற இயந்திரங்களில் அதிகம் உழைப்பது எது என்று கேட்டார். இரண்டு நிலைக்கான வெற்றியாளர் இது:

```
A 0 -> 1 வலம் B      A 1 -> 1 இடம் B
B 0 -> 1 இடம் A      B 1 -> 1 வலம் நில்
```

A நிலையில் தொடங்கிக் காகிதத்தில் ஓட்டுங்கள்: 6 படியில் நான்கு 1 எழுதி நின்றுவிடும். மூன்று நிலைக்கு அதிகபட்சம் 21 படி, நான்குக்கு 107. இதுவரை அடக்க ஒடுக்கமாக இருக்கிறது. ஐந்துக்கு 4,71,76,870 படி. பத்தே விதிகள், நான்கு கோடியே எழுபத்தோரு லட்சத்துச் சொச்சம் படி! அந்த இயந்திரத்தை 1989இல் ஹைனர் மார்க்சென், யூர்கன் பண்ட்ராக் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதைவிட அதிகம் ஓடி நிற்பது வேறு இல்லை என்று நிரூபிக்க 2024 வரை ஆனது. மிச்சமிருந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் நிற்காது என்று காட்ட வேண்டியிருந்ததே காரணம். சோதிடன் இல்லாத ஊரில் பிழைப்பு இப்படித்தான்.

இவ்வளவு எளிய சாமான் என் போனுக்கு ஈடாகுமா?

எதைக் கணக்கிட முடியும் என்று கேட்டால் ஈடாகும், டேப்பின் தயவில் போனையும் மிஞ்சும். போனில் நினைவகத்துக்கு ஓர் அளவு உண்டு. அட்டவணையையே டேப்பில் எழுதிக் கொடுத்தால் அதைப் படித்து, அந்த இயந்திரம் செய்வதைச் செய்கிற ஒரு பொது இயந்திரத்தையும் டூரிங் அதே கட்டுரையில் கட்டிக் காட்டினார். உங்கள் போன் ஆப்களை ஏற்றி ஓட்டுவது அந்த ஏற்பாட்டின்படிதான்.

எவ்வளவு வேகத்தில் என்று கேட்டால் பேச்சே வேண்டாம். ‘விகடகவி’ இரு பக்கமிருந்தும் ஒன்றுபோல வாசிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தலை முதல் எழுத்தை மனசில் வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, கடைசி எழுத்து வரை நடந்து ஒப்பிட்டு, அதையும் அழித்து, திரும்ப நடந்து அடுத்த எழுத்தை எடுக்க வேண்டும். சொல் இரண்டு மடங்கு நீண்டால் நடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரே டேப், ஒரே தலை என்ற வரையில் இதை அடிப்படையில் வேகமாக்க வழியே இல்லை என்பதும் நிரூபிக்கப்பட்டதுதான்.

டூரிங்குக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு உண்டு என்று மாமா சொல்கிறார். சும்மாவா?

மாமா சொல்வது சரி. டூரிங் 1912இல் லண்டனில் பிறந்தார். ஆனால் அவருடைய அம்மா எத்தெல் சாரா பிறந்தது கோயம்புத்தூர் அருகே போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ் அதிகாரி.

கூட்டல் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன செய்து வரலாம்?

ஒன்றைக் கழிக்கிற இயந்திரம். ‘போ’ நிலையின் மூன்று வரிகளும் அப்படியே இருக்கட்டும். ‘கூட்டு’க்குப் பதில் ‘கழி’: 1ஐப் பார்த்தால் 0 எழுதி நில், 0ஐப் பார்த்தால் கடன் வாங்க வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டு 1 எழுதி இடம் போ. 1100 கொடுத்தால் 1011 வரும். 1000 கொடுத்தால் 0111 வரும், முன்னால் ஒரு 0 தொங்கும்; அது தொந்தரவானால் அழிக்க ஒரு நிலை சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கம் 0இல். வெறும் 0 கொடுத்தால் தலை அதை 1 ஆக்கிவிட்டு, கடன் கேட்டு இடப்பக்கம் போகும். அங்கே வெற்றுக் கட்டம், கடன் கொடுக்க ஆள் இல்லை. டேப்பில் 1 என்று தப்பான விடை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ‘கழி’ நிலையில் `_` பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? வலப்பக்கம் திரும்பி, எழுதிய 1களை எல்லாம் மறுபடி 0 ஆக்கிக்கொண்டு போக ஒரு புதிய நிலை வேண்டும், அது எங்கே நிற்க வேண்டும் என்றும் யோசிக்க வேண்டும். 000 கொடுத்து ஓட்டிப் பாருங்கள். காகிதச் சுருள் நான் கொண்டுவருகிறேன்.